ரிட்டர்ன் மெமோவில் காரணம் ‘12’: கையெழுத்துப் பிரச்சினையா, பணப் பிரச்சினையா?

அட்டைப்பெட்டி_திருப்பூர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒரு பனியன் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்ததற்கு 2,85,000 ரூபாய்க்குச் செக் வாங்கினேன். செக் தேதி 5-1-2026. ஜனவரி 9, வெள்ளிக்கிழமை காலை என் பேங்கில் போட்டேன். அன்று ராத்திரியே ரிட்டர்ன் ஆனதாக எஸ்.எம்.எஸ். வந்தது. 12ஆம் தேதி கிளைக்குப் போய்ச் செக்கையும் மெமோவையும் வாங்கினேன். காரணம் 12, ‘டிராயர்ஸ் சிக்னேச்சர் டிஃபர்ஸ்’.

பார்ட்டியைக் கேட்டால், “அவசரத்தில் கையெழுத்து மாறிப்போச்சு, பணம் கணக்கில் இருக்கு, பொங்கல் கழிச்சு மறுபடி போடுங்க” என்கிறார். அதே செக்கை மறுபடி போட்டால் கையெழுத்து எப்படிச் சரியாகும்? பணம் இல்லை என்று மெமோவில் வராததால் என்னால் எதுவும் செய்ய முடியாதா?

டேலி_தாத்தா

தம்பி, செக் திரும்பியதற்கு நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தின் 138ஆவது பிரிவில் கேஸ் போட வேண்டுமானால் மெமோவில் ‘ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்’ என்றோ ‘எக்ஸீட்ஸ் அரேஞ்ச்மென்ட்’ என்றோ இருக்க வேண்டும். சட்டத்திலேயே அந்த இரண்டுதான் இருக்கிறது. கையெழுத்து மாறினால் அது தொழில்நுட்பக் குறை. புதுச் செக் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சிவில்தான்.

பழைய_கிளியரிங்

சட்டத்தை வக்கீல்கள் சொல்லட்டும். மெமோவை எப்படிப் படிப்பது என்று நான் சொல்கிறேன்.

இப்போது காகிதச் செக் உங்கள் பேங்கைத் தாண்டிப் போவதில்லை. ஸ்கேன் செய்த படமும் அடியிலுள்ள காந்த மை எண்களும்தான் எதிர் பேங்குக்குப் போகின்றன. அங்கே ஒருவர் திரையில் ஒரு பக்கம் செக் படத்தையும் மறுபக்கம் கணக்கு தொடங்கும்போது கொடுத்த மாதிரிக் கையெழுத்தையும் வைத்துப் பார்க்கிறார். ஒத்துவரவில்லை என்றால் 12 என்று அடித்து அனுப்பிவிடுவார். உங்கள் பேங்க் அந்த எண்ணை வைத்துத்தான் மெமோ போடுகிறது. அதனால் “ஏன் இப்படி?” என்று உங்கள் கிளையில் சண்டை போட்டுப் பயனில்லை. முடிவெடுத்தது அவர்கள் அல்ல.

முக்கியமான விஷயம், மெமோவில் ஒரு காரணம் இருக்கிறது என்பதால் மற்றதெல்லாம் சரி என்று அர்த்தமில்லை. சில பேங்குகள் இரண்டு காரணமும் போடும், சில முதலில் தட்டுப்பட்டதோடு நிறுத்திவிடும். கையெழுத்தில் தடுக்கிய செக்குக்குக் கணக்கில் 2,85,000 இருந்ததா, 2,850 இருந்ததா என்று இந்த மெமோவிலிருந்து தெரியாது. “பணம் இருக்கு” என்று பார்ட்டி சொல்வது அவர் வாய்மொழி மட்டுமே.

கோர்ட்டுவாசல்

டேலி தாத்தா சொன்னதில் பாதி சரி. 138ஆவது பிரிவின் வாசகத்தில் அந்த இரண்டு காரணங்கள்தான் இருக்கின்றன. ஆனால் அதை எழுத்துக்கு எழுத்து படிப்பதைச் சுப்ரீம் கோர்ட் கைவிட்டுப் பல வருடமாகிறது. ‘ஸ்டாப் பேமென்ட்’ போட்டாலும் பிரிவு பொருந்தும் என்று 1998இல் மோடி சிமென்ட்ஸ் வழக்கில் சொன்னார்கள். கணக்கை மூடிவிட்டால் என்ன என்ற கேள்விக்கு 1999இல் என்.இ.பி.சி. மைக்கான் வழக்கு. கையெழுத்து மாறுவதற்கு 2012இல் லக்ஷ்மி டைகெம் வழக்கு. செக் கொடுத்தவர் வேண்டுமென்றே கையெழுத்தை மாற்றிப் போட்டுத் தப்பிக்க வழிவிட்டால் பிரிவுக்கே பொருளிருக்காது என்பதுதான் அதன் சாரம்.

அதே தீர்ப்பில் கொடுத்தவருக்கும் ஒரு வாசல் இருக்கிறது. கையெழுத்து உண்மையாகவே தவறிப்போயிருந்தால், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணத்தைக் கட்டிவிடலாம். கட்டிவிட்டால் குற்றம் இல்லை. உங்கள் பார்ட்டி சொல்வது நிஜமா என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. நோட்டீஸ் அனுப்புங்கள். பணம் இருப்பவர் அன்றைக்கே என்.இ.எஃப்.டி. போட்டுவிடுவார்.

டேலி_தாத்தா

2012 தீர்ப்பு எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுபடி போட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? மூன்று மாதம் செல்லுமே.

பழைய_கிளியரிங்

நஷ்டம் இல்லை, லாபமும் இல்லை. அதே காகிதம், அதே கையெழுத்து. பேங்கிலிருக்கும் மாதிரிக் கையெழுத்து மாறாமல் செக் பாஸாகாது. பார்ட்டிக்கு உண்மையிலேயே கையெழுத்து மாறியிருந்தால் (வயதானவர்களுக்குக் கை நடுங்கி மாறுவது சகஜம்) அவர் தன் கணக்கு இருக்கும் கிளைக்கு அடையாள அட்டையோடு நேரில் போய்ப் புது மாதிரிக் கையெழுத்து கொடுக்க வேண்டும். அது கணினியில் ஏறிய பிறகு போட்டால்தான் அர்த்தம். “மறுபடி போடுங்க” என்பவரிடம் “கிளையில் கையெழுத்து மாற்றிவிட்டீர்களா?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

செக்கிலேயே பக்கத்தில் இன்னொரு கையெழுத்து போட்டுத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். படத்தை வைத்து நடக்கும் கிளியரிங்கில் தேதியைப் புதுப்பிப்பது தவிர வேறு திருத்தம் எதுவும் எடுபடாது. பெயரையோ தொகையையோ அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் பழைய வழக்கத்தால் இன்றும் நிறையச் செக் திரும்புகின்றன.

மாலா_மளிகை

எனக்கும் இதே பிரச்சினை. வண்டி லோன் தவணை 5ஆம் தேதி பிடிக்க வந்தபோது கணக்கில் பணம் இல்லை, ரிட்டர்ன் ஆகிவிட்டது. மெமோ எதுவும் வரவில்லை. நான் யாருக்கும் செக்கே கொடுக்கவில்லையே, எனக்கும் 138 வருமா?

கோர்ட்டுவாசல்

மாலாம்மா, உங்களுடையது செக் அல்ல, தானாகப் பிடிக்கும் ஆணை. அதற்கு 2007ஆம் வருடத்துப் பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 25ஆவது பிரிவு இருக்கிறது. நோட்டீஸ், 15 நாள், தண்டனை எல்லாம் 138 மாதிரியேதான். செக் கொடுக்கவில்லை என்பதால் தப்பு இல்லை என்று இருந்துவிடாதீர்கள். தவணையைக் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டைப்பெட்டி_திருப்பூர்

மிக்க நன்றி. அப்படியானால் நோட்டீஸுக்கு எத்தனை நாள் இருக்கிறது? மெமோ வாங்கியது 12ஆம் தேதி. அதிலிருந்து 30 நாளா?

கோர்ட்டுவாசல்

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் என்றுதான் சட்டம் சொல்கிறது. மெமோ கையில் கிடைத்த நாள் என்று இல்லை. உங்களுக்கு 9ஆம் தேதி எஸ்.எம்.எஸ். வந்திருக்கிறது. தகவல் கிடைத்த நாளை விட்டுவிட்டு 10இலிருந்து எண்ணினால் 30ஆவது நாள் பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த மாதம் 20க்குள் ஸ்பீட் போஸ்டில் அனுப்பியிருப்பேன்.

டேலி_தாத்தா

எஸ்.எம்.எஸ்.ஸில் காரணம்கூட முழுசா வராது. மெமோ இல்லாமல் நோட்டீஸ் எப்படி எழுதுவது? 12இலிருந்துதான் எண்ண வேண்டும், பிப்ரவரி 11 வரை நேரம் இருக்கிறது.

கோர்ட்டுவாசல்

அப்படி வாதாடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் எதிர்த் தரப்பு பேங்கின் எஸ்.எம்.எஸ். பதிவை வரவழைத்து “9ஆம் தேதியே தெரியும்” என்று சொன்னால், அந்த மூன்று நாளுக்காக நீங்கள் வருடக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கேஸ் தாக்கல் செய்வது தாமதமானால் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

உங்கள் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். ஜனவரி 19, திங்கட்கிழமை நோட்டீஸ் அனுப்புகிறீர்கள், 22ஆம் தேதி பார்ட்டி கையெழுத்துப் போட்டு வாங்குகிறார் என்று வையுங்கள். 23இலிருந்து 15 நாள், அதாவது பிப்ரவரி 6 முடிய அவருக்கு அவகாசம். கட்டவில்லை என்றால் 7ஆம் தேதி உங்கள் உரிமை பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் புகார் தாக்கலாக வேண்டும். மார்ச் 7 சனிக்கிழமை, அதனால் 5ஆம் தேதிக்கு முன்பே முடித்துவிடுங்கள். அவசரப்பட்டு பிப்ரவரி 5ஆம் தேதியே தாக்கல் செய்தாலும் தப்பு, 15 நாள் முடியுமுன் போட்ட புகார் செல்லாது என்று 2014இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

பார்ட்டி எந்த ஊரில் இருந்தாலும், உங்கள் கணக்கில் போட்ட செக் என்றால் உங்கள் கணக்கு இருக்கும் கிளையின் எல்லைக்குட்பட்ட கோர்ட்டில்தான் வழக்கு. 2015 திருத்தத்துக்குப் பிறகு இதில் குழப்பமில்லை.

நூல்கடை_ஈரோடு

நான் செக் கொடுக்கும் பக்கம். என்னுடையது சி.சி., அதாவது கேஷ் கிரெடிட் கணக்கு. லிமிட் 20 லட்சம், பயன்படுத்தியது 14 லட்சம்தான். 1,80,000 செக் ‘02 எக்ஸீட்ஸ் அரேஞ்ச்மென்ட்’ என்று திரும்பியது. லிமிட்டில் 6 லட்சம் மிச்சம் இருக்கும்போது எப்படி?

பழைய_கிளியரிங்

ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கடைசியாக எப்போது கொடுத்தீர்கள்? லிமிட் என்பது அனுமதித்த உச்ச வரம்பு. இந்த மாதம் எவ்வளவு எடுக்கலாம் என்பதைச் சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் வைத்துப் பேங்க் போடும் டிராயிங் பவர்தான் தீர்மானிக்கும். ஸ்டேட்மென்ட் தாமதமானாலோ, சரக்குக் குறைவாகக் காட்டியிருந்தாலோ அது 15,80,000க்குக் கீழே இறங்கியிருக்கும். செக் வரும்போது கணினி லிமிட்டைப் பார்க்காது, அதைத்தான் பார்க்கும். கிளையில் “டிராயிங் பவர் எவ்வளவு நிற்கிறது?” என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பணம் வாங்க வேண்டியவருக்குப் பணம் இல்லை என்ற 01ம் இந்த 02ம் ஒன்றுதான். அவருக்கு உங்கள் டிராயிங் பவர் கதை வேண்டாம்.

இன்னொன்று. 2025 அக்டோபர் 4இலிருந்து செக் கிளியரிங் நாள் முழுக்க ஓடுகிறது. காலை 9 முதல் பிற்பகல் 3 வரை போடும் செக் உடனுக்குடன் போகும், எதிர் பேங்க் அன்று மாலை 7 மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்று செக் கொடுத்து நாளை பணம் போட்டுக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு செத்துவிட்டது. சமீபத்தில் 01 வாங்கியவர்கள் பலர் பழைய பழக்கத்தில் மாட்டியவர்கள்தான் என்பது என் அபிப்பிராயம்.

நூல்கடை_ஈரோடு

ஸ்டேட்மென்ட் இரண்டு மாதம் கொடுக்கவில்லை. புரிந்தது சார்.

ஸ்டாப்_பேமென்ட்

எனக்கு ஒரு சந்தேகம். சப்ளையர் அனுப்பிய சரக்கு பாதி ஓட்டை. பின்தேதியிட்ட செக் அவரிடம் இருக்கிறது. ஸ்டாப் பேமென்ட் போட்டால் காரணம் 20 என்று வரும், பணம் இல்லை என்று வராது. அப்படியானால் எனக்குப் பாதுகாப்புதானே?

கோர்ட்டுவாசல்

20 என்பது கேடயம் இல்லை. ஆனால் உங்களைப் போன்றவருக்கு 2001இல் எம்.எம்.டி.சி. வழக்கில் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். செக் வந்த நேரத்தில் கணக்கில் போதிய பணம் இருந்தது, வேறு நியாயமான காரணத்துக்காக நிறுத்தினேன் என்று காட்டினால் தப்பலாம். காட்ட வேண்டியது நீங்கள். ஆகையால் ஸ்டாப் போடும் நாளிலிருந்து செக் வந்துபோகும் வரை அந்தத் தொகை கணக்கில் நிற்க வேண்டும். சரக்குக் குறையைச் செக் தேதிக்கு முன்பே எழுத்தில் சப்ளையருக்கு அனுப்பியிருக்க வேண்டும். செக் திரும்பி, நோட்டீஸ் வந்த பிறகு முதன்முறையாக “சரக்கு ஓட்டை” என்று எழுதினால் எந்த மாஜிஸ்ட்ரேட்டும் நம்பமாட்டார்.

டேலி_தாத்தா

எழுத்திலும் எண்ணிலும் தொகை மாறினால் எழுத்தில் உள்ளதுதான் செல்லும் என்று சட்டம் இருக்கிறதே. பின்னே ஏன் 34 போட்டுத் திருப்புகிறார்கள்?

பழைய_கிளியரிங்

138 இருக்கும் அதே சட்டத்தின் 18ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் எந்த அதிகாரி தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டு பாஸ் செய்வார்? திருப்பிவிடுவார்கள். புதுச் செக் எழுதி வாங்குங்கள், வாதாடாதீர்கள்.

31, அதாவது மூன்று மாதம் கடந்த பழைய செக் என்று வந்தால் மட்டும் வாங்குபவருக்குக் கெட்ட செய்தி. 138 கதவு மூடிவிட்டது. கொடுத்தவர் புதுச் செக் தரவில்லை என்றால் சிவில் வழக்குதான். படம் தெளிவில்லை, தொடர்பு அறுந்தது என்ற மாதிரிக் காரணங்கள் நேர் எதிர். அதில் இருவர் தலையிலும் தப்பு இல்லை. பேங்க் தானாகவே 24 மணி நேரத்துக்குள் மறுபடி அனுப்ப வேண்டும், கட்டணமும் பிடிக்கக் கூடாது. பிடித்திருந்தால் எழுதிக் கொடுத்துத் திரும்பக் கேளுங்கள்.

அட்டைப்பெட்டி_திருப்பூர்

கையெழுத்து கிளையில் மாற்றிவிட்டீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை. அரை மணி நேரம் கழித்து “இப்போதைக்கு ஒரு லட்சம் தர்றேன், மீதி மாசக் கடைசியில், நோட்டீஸெல்லாம் வேண்டாமே” என்கிறார்.

கோர்ட்டுவாசல்

ஆக, பணம் கணக்கில் இல்லை.

ஒரு லட்சத்தை வாங்கலாம், பேங்க் வழியாக மட்டும். ஆனால் வாங்கிவிட்டு அதே செக்கை முழுத் தொகைக்கு மறுபடி போடாதீர்கள். செக் போடும் நாளில் பாக்கி 1,85,000 தான் என்றால், 2,85,000க்கான செக் அந்தக் கடனைக் குறிக்காது என்று 2022இல் தஷ்ரத்பாய் வழக்கில் சொல்லிவிட்டார்கள். வாங்கிய தொகையைச் செக்கிலேயே குறித்திருக்க வேண்டும், அல்லது மீதிக்குப் புதுச் செக் வாங்க வேண்டும். அப்படிக் குறித்த செக்கைக் கிளியரிங்கில் எடுப்பார்களா என்று பழைய கிளியரிங் சாரைக் கேளுங்கள்.

பழைய_கிளியரிங்

கஷ்டம்தான். புதுச் செக்கே நல்லது, புதுக் கையெழுத்தோடு.

கோர்ட்டுவாசல்

நோட்டீஸிலும் கவனம். செக் தொகை 2,85,000 என்றால் கேட்கும் தொகையும் அதுவே. வட்டி, வக்கீல் செலவு கேட்க ஆசையிருந்தால் தனி வரியில் தனியாக எழுதுங்கள், கூட்டி ஒரே தொகையாகப் போடாதீர்கள். தட்டச்சுப் பிழையால் தொகை மாறியது என்ற சாக்கைக்கூட 2025இல் சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை.

டேலி_தாத்தா

ஒரு லட்சம் வாங்கிய பிறகும் நோட்டீஸில் 2,85,000 என்றே கேட்க வேண்டுமா? இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கோர்ட்டுவாசல்

அதனால்தான் முதலில் நோட்டீஸ், பிறகு பணம் என்கிறேன். நோட்டீஸுக்கு முன்பே பகுதித் தொகை வந்துவிட்டால் எப்படி எழுதுவது என்பதில் வக்கீல்களிடமே இரண்டு கருத்து உண்டு. இவர் ஏன் அந்தச் சிக்கலுக்குள் போக வேண்டும்?

பழைய_கிளியரிங்

அட்டைப்பெட்டி தம்பி, கிளம்பும் முன் மெமோவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். செக் நம்பர் ஆறு இலக்கமும் செக்கோடு ஒத்திருக்கிறதா, தொகை சரியா, பேங்க் முத்திரையும் கையெழுத்தும் இருக்கிறதா?

அட்டைப்பெட்டி_திருப்பூர்

கையால் நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். செக்கில் 004781, மெமோவில் 004718. முத்திரையும் இல்லை சார், வெறும் கையெழுத்துதான்.

பழைய_கிளியரிங்

கோர்ட்டில் அந்தத் துண்டுக் காகிதம் தானாகவே சாட்சியாக நிற்பது பேங்கின் அடையாள முத்திரையால்தான். நீங்களாகத் திருத்திவிடாதீர்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையே கிளைக்குப் போய், கணினியிலிருந்து அச்செடுத்து முத்திரையிட்ட மெமோவாகக் கேட்டு வாங்குங்கள். பொங்கல் லீவு ஆரம்பித்துவிட்டால் அடுத்த வாரம்தான்.

அட்டைப்பெட்டி_திருப்பூர்

நாளை பத்து மணிக்குக் கிளையில் நிற்பேன். பழைய மெமோவையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா?

கோர்ட்டுவாசல்

கேட்டால் கொடுங்கள், அதற்கு முன் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 9ஆம் தேதி எஸ்.எம்.எஸ்.ஸையும் அழிக்காதீர்கள்.